ஒரு பாக்கெட்டின் அடக்கவிலை: எந்தச் செலவை எதனால் வகுக்கலாம், எதை வகுக்கவே கூடாது

உணவுப் பொருள் தயாரிக்கும் சிறு நிறுவனங்களில் அடிக்கடி எழும் குழப்பம் ஒன்று உண்டு. கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் சிறிய அளவில் விற்கும் சிறப்புப் பொருள்தான் பாக்கெட்டுக்கு அதிக லாபம் தருவதாகத் தெரியும். அதை நம்பி அப்படிப்பட்ட பொருள்களையே கூட்டிக்கொண்டு போனால், ஆண்டு முடிவில் மொத்த லாபம் குறைந்திருக்கும். கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இருக்காது. தவறு நடந்த இடம் வகுத்தல். மூலப்பொருளும் உறையும் தவிர்த்த மற்றச் செலவுகளான மேற்செலவுகள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு, மொத்தப் பாக்கெட் எண்ணிக்கையால் வகுத்திருப்பார்கள்.

இதைச் சரிசெய்யவே நடவடிக்கை அடிப்படையிலான செலவுக் கணக்கு முறை வந்தது. சுருக்கமாக ஏபிசி என்பார்கள். அதன் நடுநாயகம் நான்கு படிகள் கொண்ட ஓர் அடுக்கு: அலகு நிலை, பேட்ச் நிலை, பொருள் நிலை, ஆலை நிலை. சிங்கப்பூரில் ஒரு மசாலாப் பொடி ஆலையை எடுத்துக்காட்டாக வைத்து இந்த அடுக்கை ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம். ஆலையும் எண்களும் விளக்கத்துக்காக அமைத்தவை. ஆனால் செலவுகளின் தன்மை எல்லாம் நடைமுறையில் இருப்பவைதான்.

## அடிப்படை: செலவு எதனால் உண்டாகிறது?

பழைய முறை, மேற்செலவு முழுவதும் உற்பத்தி அளவோடு சேர்ந்தே ஏறி இறங்கும் என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் பாக்கெட் எண்ணிக்கை, வேலை நேரம், இயந்திர நேரம் இவற்றில் ஏதாவது ஒன்றால் வகுத்துவிடுகிறது. ஒரே பொருளை ஆண்டு முழுவதும் தயாரிக்கும் ஆலைக்கு இதில் பெரிய கெடுதல் இல்லை. அங்கே எப்படி வகுத்தாலும் செலவு முழுவதும் அந்த ஒரு பொருளின் மேல்தான் விழும். பொருள்கள் பலவாகி, ஒன்று பெரிய அளவிலும் மற்றொன்று சிறிய அளவிலும் ஓடத் தொடங்கும்போதுதான் கணக்கு பிசகுகிறது.

ஏபிசி வேறு கேள்வியில் தொடங்குகிறது. இந்தச் செலவுக்குக் காரணமான வேலை எது? அந்த வேலை எத்தனை தடவை நடந்தது? 1980-களில் அமெரிக்காவின் ஜான் டியர் நிறுவனத்தின் உதிரிபாக ஆலையில் இப்படிக் கணக்கிட்டபோது, சிறு எண்ணிக்கையில் செய்த பாகங்களுக்கு உண்மையில் ஆன செலவு, பழைய கணக்கு காட்டியதைவிட அதிகம் என்று தெரிந்தது. அப்புறம் ராபின் கூப்பரும் ராபர்ட் கப்லானும் செலவுகளை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் அடுக்கை வகுத்து, 1991-இல் எழுதிய ஒரு கட்டுரையில் முக்கியமான எச்சரிக்கை ஒன்றையும் தந்தார்கள். மேல்நிலைச் செலவுகளைக் கீழே ஒவ்வோர் அலகு வரைக்கும் பங்கிட்டு இறக்கக் கூடாது என்பதே அது. அடுக்கின் பெயர்களைப் பலரும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். இந்த எச்சரிக்கைதான் மறந்துபோகிறது.

## நான்கு நிலைகள்

1. அலகு நிலை. ஒரு பாக்கெட் கூடினால் கூடும், ஒன்று குறைந்தால் குறையும். பொடி, உறை, பாக்கெட் போடும் வேலை, அரவை இயந்திரம் ஓடும்போது இழுக்கும் மின்சாரம் எல்லாம் இதில் சேரும். ஒவ்வொரு பாக்கெட்டும் உலோகம் கண்டறியும் கருவியைக் கடந்து போகிறது என்றால் அந்தச் சோதனையும் அலகு நிலைதான்.

2. பேட்ச் நிலை. வீட்டில் இட்லி அவிக்கும்போது ஓர் ஈடு என்கிறோம். தட்டில் நான்கு குழியை நிரப்பினாலும் பதினாறு குழியை நிரப்பினாலும், தண்ணீர் கொதிக்க வைக்கும் வேலை ஒன்றுதான். ஆலையில் அந்த ஈட்டுக்குப் பெயர் பேட்ச். ஒரு பொடியிலிருந்து இன்னொரு பொடிக்கு மாறும்போது வறுக்கும் கலனையும் அரவை இயந்திரத்தையும் சுத்தம் செய்ய வேண்டும், தேதி அச்சை மாற்ற வேண்டும், உறைச் சுருளை மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும், முதல் மாதிரியைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அந்த பேட்ச்சில் 400 பாக்கெட் வந்தாலும் 3,000 வந்தாலும் இந்த வேலைகள் மாறுவதில்லை.

3. பொருள் நிலை. அந்தப் பொருள் நம் பட்டியலில் இருப்பதற்கே ஆகும் செலவு. செய்முறையைப் பராமரிப்பது, உறை வடிவமைப்பு, சத்துப் பட்டியலையும் ஒவ்வாமைத் தகவலையும் சரிபார்த்து அச்சிடுவது, ஹலால் சான்றிதழுக்கான பட்டியலில் அந்தப் பொருளைச் சேர்த்து ஆவணங்களை வைத்திருப்பது, பேரங்காடி கேட்கும் பட்டியல் கட்டணம் போன்றவை. ஆண்டுக்கு ஒரே ஒரு பேட்ச் ஓட்டினாலும் இந்தச் செலவு உண்டு.

4. ஆலை நிலை. எந்தப் பொருளுக்காகவும் தனியாக ஆகாத செலவு. தொழிற்கூட வாடகை, சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம், காப்பீடு, மேற்பார்வையாளர் சம்பளம், கணக்குத் தணிக்கை. எந்த ஒரு பொருளை நிறுத்தினாலும் வாடகை ரசீது அதே தொகைக்குத்தான் வரும்.

ஒரு செலவு எந்த நிலை என்று சந்தேகம் வந்தால் கீழிருந்து மேலாகக் கேட்டுப் பார்க்கலாம். பேட்ச் எண்ணிக்கை மாறாமல் பாக்கெட் மட்டும் கூடினால் இது கூடுமா? பாக்கெட் மாறாமல், அதே அளவை இரண்டு பேட்ச்சாகப் பிரித்து ஓட்டினால் கூடுமா? அந்தப் பொருளைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டால் போய்விடுமா? எதற்கும் அசையவில்லை என்றால் அது ஆலை நிலை.

ரசீதில் ஒரே வரியாக வரும் செலவு ஒரே நிலையில் அடங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மின்கட்டணத்தைப் பாருங்கள். அரவை மோட்டார் ஓடும் மின்சாரம் அலகு நிலை. வறுக்கும் கலனை வேலைக்கு முன்பு சூடேற்றுவது பேட்ச் நிலை. அலுவலக அறையின் குளிர்சாதனம் ஆலை நிலை. தனி மீட்டர் இல்லாத இடத்தில் இயந்திரங்களின் திறனையும் ஓடிய நேரத்தையும் பெருக்கிப் பிரித்துக்கொள்ளலாம். அதில் வரும் சிறு பிழை, மொத்தத்தையும் பாக்கெட்டால் வகுப்பதில் வரும் பிழையைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

வெளிநாட்டு ஊழியருக்கான மாதாந்தரத் தீர்வையும் இதே போலக் குழப்பும். அதைக் கூலியோடு சேர்த்து அலகு நிலையில் எழுதிவிடுகிறார்கள். ஆள் வேலையில் இருக்கும்வரை அந்தத் தீர்வை உற்பத்தி அளவைப் பார்த்து வருவதில்லை. அவர் நேரம் எங்கே போகிறது என்று பார்த்து நிலைகளுக்குப் பிரிக்கலாம். ஆனால் உற்பத்தி குறைந்தால் தீர்வையும் தானாகக் குறையும் என்று எண்ணிவிட வேண்டாம்.

## ஓர் ஆலை, இரண்டு பொடிகள்

உட்லண்ட்ஸ் பக்கம் ஓர் அடுக்குமாடித் தொழிற்கூடத்தில் நம் ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டே பொருள்கள், இரண்டும் 200 கிராம் பாக்கெட்.

சாம்பார்ப் பொடி ஆண்டுக்கு 90,000 பாக்கெட் விற்கிறது. ஒரு பேட்ச்சுக்கு 3,000 பாக்கெட் வீதம் 30 பேட்ச். மூலப்பொருளும் உறையும் சேர்த்து பாக்கெட்டுக்கு $1.40. கடைக்குத் தரும் விலை $3.40.

வத்தக்குழம்புப் பொடி 10,000 பாக்கெட் விற்கிறது. கடைகள் சிறிது சிறிதாகக் கேட்பதால் ஒரு பேட்ச்சுக்கு 400 பாக்கெட்தான், ஆக 25 பேட்ச். மூலப்பொருளும் உறையும் $1.60. விலை $3.80.

இது தவிர ஆண்டுக்கு $150,000 செலவாகிறது. பழைய முறையில் அதை 100,000 பாக்கெட்டால் வகுத்தால் ஒரு பாக்கெட்டின் தலையில் $1.50. சாம்பார்ப் பொடியின் அடக்கம் $2.90, லாபம் 50 காசு. வத்தக்குழம்புப் பொடியின் அடக்கம் $3.10, லாபம் 70 காசு. விற்பனைப் பிரிவு எந்தப் பொடியின் பின்னால் ஓடும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, அந்த $150,000-ஐ நிலைவாரியாகப் பிரிப்போம்.

அலகு நிலை: பாக்கெட் போடும் கூலியும் இயந்திர மின்சாரமும் $30,000. இரண்டு பொடிக்கும் பாக்கெட்டுக்கு 30 காசு.

பேட்ச் நிலை: ஒரு பேட்ச்சுக்கு இரண்டு பேர் நான்கு மணி நேரம் சுத்தம் செய்து அமைக்கிறார்கள். எட்டு மணி நேரத்துக்கு, மணிக்கு $15 வீதம், $120. முந்தைய பொடியின் வாசம் போக, புதிய பொடியில் முதல் 10 கிலோவை ஓட்டி ஒதுக்குகிறார்கள். அது $60. வெளியே மாதிரிச் சோதனைக்கு $90. உறைச் சுருளை ஓட்டிப் பார்ப்பதில் வீணாவது $30. மொத்தம் $300. ஆண்டுக்கு 55 பேட்ச், ஆக $16,500.

பொருள் நிலை: ஒவ்வொரு பொடிக்கும் ஆண்டுக்கு $6,000, இரண்டுக்கும் $12,000.

ஆலை நிலை: மீதி $91,500.

இப்போது இரண்டு பொடிகளையும் படிப்படியாக இறக்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு படியிலும் அந்த நிலைக்கு உரியதை மட்டும் கழிக்கிறோம்.

| | சாம்பார்ப் பொடி | வத்தக்குழம்புப் பொடி |
|---|---|---|
| விற்பனை | $306,000 | $38,000 |
| மூலப்பொருள், உறை | $126,000 | $16,000 |
| அலகு நிலைச் செலவு | $27,000 | $3,000 |
| அலகு நிலை மிச்சம் | $153,000 | $19,000 |
| பேட்ச் நிலைச் செலவு | $9,000 | $7,500 |
| பொருள் நிலைச் செலவு | $6,000 | $6,000 |
| பொருள் நிலை மிச்சம் | $138,000 | $5,500 |

இரண்டு மிச்சத்தையும் கூட்டினால் $143,500. அதிலிருந்து ஆலை நிலைச் செலவு $91,500-ஐ ஒரே தடவையாகக் கழித்தால் ஆலையின் லாபம் $52,000. பழைய முறையிலும் மொத்த லாபம் இதே $52,000-தான். மாறியது அது எங்கிருந்து வருகிறது என்ற படம்.

பழைய கணக்கு வத்தக்குழம்புப் பொடியைப் பாக்கெட்டுக்கு 70 காசு என்று முன்னிறுத்தியது. அடுக்குக் கணக்கில், ஆலை நிலைச் செலவைத் தொடும் முன்பே, அதன் மிச்சம் பாக்கெட்டுக்கு 55 காசுதான். சாம்பார்ப் பொடியிலோ ஏறக்குறைய $1.53. காரணத்தைப் பேட்ச் வரியில் பார்க்கலாம். அதே $300 ஒரு பக்கம் 3,000 பாக்கெட்டின் மேல் விழுகிறது, மறுபக்கம் 400-இன் மேல். பாக்கெட்டுக்கு 10 காசு எங்கே, 75 காசு எங்கே. விற்பனையில் பத்தில் ஒரு பங்கு பாக்கெட் உள்ள பொடி, பேட்ச் செலவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தின்கிறது.

## அடுத்த தவறு: ஆலைச் செலவையும் பங்கு போடுவது

இந்த இடத்தில்தான் பலர் திருந்திய கையோடு மறுபடி தடுக்கி விழுகிறார்கள். ‘முழு அடக்கவிலை தெரிய வேண்டுமே’ என்று ஆலை நிலைச் செலவு $91,500-ஐயும் 100,000 பாக்கெட்டால் வகுத்து, பாக்கெட்டுக்கு 91.5 காசு ஏற்றுகிறார்கள். உடனே வத்தக்குழம்புப் பொடியின் கணக்கு $5,500 மிச்சத்திலிருந்து $3,650 நட்டத்துக்குப் போகிறது. நட்டத்தில் ஓடும் பொருளை நிறுத்துங்கள் என்ற பேச்சு எழுகிறது.

நிறுத்தினால் என்ன ஆகும்? விற்பனை $38,000 போகும். மூலப்பொருள், அலகு, பேட்ச், பொருள் நிலைச் செலவுகள் $32,500 போகும். வாடகையும் உரிமமும் மேற்பார்வையாளரும் அப்படியே நிற்பார்கள். ஆலையின் லாபம் $5,500 குறைந்து $46,500 ஆகும். அதன் பின் மொத்த ஆலைச் செலவும் சாம்பார்ப் பொடியின் மேல் ஏறி அதன் ‘அடக்கவிலை’ கூடும். அடுத்த ஆண்டு யாராவது அதன் விலையையும் ஏற்றச் சொல்வார்கள்.

பழைய முறை அந்தப் பொடியைத் தூக்கிப் பிடித்தது. அரைகுறையாகப் புரிந்துகொண்ட ஏபிசி அதைக் கொன்றுவிடப் பார்க்கிறது. இரண்டும் தவறு. அடுக்குக் கணக்கு சொல்வது என்னவென்றால், இந்தப் பொடி ஆலைக்கு $5,500 கொண்டுவருகிறது, அது கொஞ்சம்தான், அதைத் தின்பது பேட்ச் எண்ணிக்கை.

அலகுக்கு இவ்வளவு என்று எழுதப்படும் எந்த எண்ணிலும் இந்த ஆபத்து உண்டு என்பது என் கருத்து. 55 காசு என்று நான் மேலே சொன்னதும் ஒப்பிடுவதற்காக மட்டுமே. அந்தப் பொடியின் விற்பனை 1,000 பாக்கெட் குறைந்தால் செலவு எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். முழு அடக்கவிலை ஏறக்குறைய $4.17 என்று எழுதி வைத்தவர் $4,170 குறையும் என்பார். பேட்ச் எண்ணிக்கை மாறவில்லை என்றால் உண்மையில் குறைவது மூலப்பொருளும் அலகு நிலையும் மட்டும், அதாவது $1,900. பாக்கெட்டால் வகுத்து எழுதியவுடன், பாக்கெட்டோடு சேர்ந்து மாறாத செலவும் மாறுவது போன்ற தோற்றம் வந்துவிடுகிறது. அதனால்தான் மேல்நிலைகளை மொத்தத் தொகையாகவே விட்டுவைக்க வேண்டும்.

## சிறிய ஆர்டரை எடுக்கலாமா?

அடுக்கு தெரிந்தால் இந்தக் கேள்விக்கு விடை சொல்வது எளிது. தேக்காவில் ஓர் உணவகம், வத்தக்குழம்புப் பொடியைக் காரம் குறைத்து 100 பாக்கெட் அரைத்துத் தரக் கேட்கிறது. பாக்கெட்டுக்கு $4.20 தரத் தயார். பட்டியல் விலையைவிட 40 காசு அதிகம் என்பதால் விற்பனையாளர் சம்மதித்துவிடக்கூடும்.

அலகு நிலையில் பாக்கெட்டுக்கு $4.20-இல் $1.90 போக $2.30 மிஞ்சும். 100 பாக்கெட்டுக்கு $230. தனி பேட்ச் ஓட்ட வேண்டும், அது $300. ஆக $70 கைவிட்டுப் போகிறது. இது இன்னும் பொருள் நிலையைத் தொடாத கணக்கு. காரம் குறைத்த பொடிக்குத் தனி உறையும் தனிச் சத்துப் பட்டியலும் வேண்டும் என்றால், அதற்கு ஒரு தடவை $1,500 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். உணவகம் ஒவ்வொரு முறையும் 300 பாக்கெட் வாங்கினால் ஒரு பேட்ச்சில் $690 வந்து, $300 போக $390 மிஞ்சும். நான்காவது பேட்ச்சில்தான் அந்த $1,500 திரும்பும். எனவே உணவகத்திடம் விலையைப் பேசுவதற்கு முன்னால், ஒரு முறைக்கு எத்தனை பாக்கெட், ஆண்டுக்கு எத்தனை முறை என்பதைப் பேச வேண்டும்.

இதிலிருந்தே குறைந்தபட்ச பேட்ச் அளவும் கிடைக்கிறது. வத்தக்குழம்புப் பொடியில் பாக்கெட்டுக்கு அலகு நிலை மிச்சம் $1.90. $300-ஐ அதனால் வகுத்தால் 158 பாக்கெட். அதற்குக் கீழே ஓட்டும் எந்த பேட்ச்சும் தன் சுத்தம் செய்யும் செலவைக்கூட மீட்காது.

## பேட்ச்சைக் குறைத்தால் பணம் உண்மையாகவே மிஞ்சுமா?

வத்தக்குழம்புப் பொடியை 25 பேட்ச்சுக்குப் பதிலாக 1,000 பாக்கெட் வீதம் 10 பேட்ச்சாக ஓட்டினால் 15 பேட்ச் குறையும். காகிதத்தில் $4,500 மிச்சம். பொருள் நிலை மிச்சம் $5,500-லிருந்து $10,000 ஆகும்.

அது காகிதக் கணக்கு. அந்த $300-க்குள் $120 ஊழியர் நேரம். அவர்களுக்கு மாதச் சம்பளம். 15 பேட்ச் குறைந்தால் 120 மணி நேரம் விடுபடும், ஆனால் சம்பளப் பட்டியலில் ஒரு காசும் குறையாது. ஒதுக்கும் பொடி, சோதனைக் கட்டணம், வீணாகும் உறை ஆகிய $180 மட்டுமே உண்மையாகக் கையில் நிற்கும். 15 பேட்ச்சுக்கு $2,700. மீதி $1,800 பணமாக வர வேண்டும் என்றால் அந்த 120 மணி நேரத்துக்கு வேலை கொடுக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கொடுக்கும் கூடுதல் நேரக் கூலியைக் குறைக்கலாம், அல்லது அந்த நேரத்தில் கூடுதலாக அரைத்து விற்கலாம். இரண்டும் நடக்கவில்லை என்றால் அந்த நேரம் சும்மா கரைந்துவிடும்.

ஏபிசி தரும் எண்ணைச் சேமிப்பு என்று வாசித்து ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரு நடவடிக்கையின் செலவு என்பது அந்த வேலை எவ்வளவு வளத்தைப் பயன்படுத்துகிறது என்பதைச் சொல்கிறது. அந்த வளத்துக்குக் கொடுக்கும் பணம் குறைய வேண்டும் என்றால் அதற்குத் தனியாக ஒரு முடிவு எடுக்க வேண்டும்.

பேட்ச்சைப் பெரிதாக்குவதற்கு எல்லையும் உண்டு. இந்தப் பொடி வாரத்துக்கு ஏறக்குறைய 192 பாக்கெட் விற்கிறது. 400 பாக்கெட் இரண்டு வாரத்துக்குப் போதும், 1,000 பாக்கெட் ஐந்து வாரத்துக்கு நிற்கும். அரைத்த மசாலாவுக்கு வாசம்தான் உயிர், நாள் ஆக ஆக அது இறங்கும். ஐந்து வாரம் தாங்கும் என்று சமையல் பக்கம் சொன்னால்தான் கணக்குப் பக்கம் இந்த முடிவை எடுக்கலாம்.

## $300 எல்லா பேட்ச்சுக்கும் ஒன்றா?

மேலே ஒரு பேட்ச்சுக்கு ஒரே தொகை என்று வைத்தோம். எத்தனை தடவை நடந்தது என்று மட்டும் எண்ணுவது எளிய வழி. ஆனால் மசாலா ஆலையில் மாற்றங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. மிதமான வாசமுள்ள பொடியிலிருந்து காரமானதற்குப் போவதற்குச் சுருக்கமான சுத்தம் போதும். திரும்பி வரும்போது முழுச் சுத்தம் வேண்டும். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். பசையம் உள்ள தானியத்தைச் சிங்கப்பூரில் உறையில் அறிவிக்க வேண்டும். அதனால் பெருங்காயம் சேர்ந்த பொடிக்குப் பின் சேராத பொடியை அரைப்பதென்றால், வறுக்கும் கலன், அரவை இயந்திரம், பாக்கெட் இயந்திரம் மூன்றையும் கழற்றித் துடைக்கத்தான் வேண்டும்.

அப்படி இருந்தால் தடவையை எண்ணாமல் நேரத்தைக் குறிக்க வேண்டும். சுத்தம் செய்யும் பதிவேட்டில் தொடங்கிய நேரம், முடித்த நேரம் என்று இரண்டு கட்டங்கள் போதும். இரண்டு மாதம் எழுதிப் பார்த்து, நேரங்கள் எல்லாம் நான்கு மணிக்கு அருகிலேயே இருந்தால் எண்ணிக்கையே போதும், பதிவை நிறுத்திவிடலாம். ஒன்று இரண்டு மணி, ஒன்று ஏழு மணி என்று சிதறினால் மணிக்கணக்கில்தான் ஏற்ற வேண்டும். ஓட்டும் வரிசையை மாற்றினாலே, பேட்ச் எண்ணிக்கையைக் குறைக்காமல், நேரம் குறையும் என்பதும் அந்தப் பதிவேட்டில் தெரிய வரும்.

## தணிக்கையாளர் கேட்கும் கணக்கு வேறு

ஆலைச் செலவை இறக்காதீர்கள் என்றால், ஆண்டறிக்கையில் என்ன செய்வது என்ற கேள்வி வரும். சிங்கப்பூரின் நிதி அறிக்கைத் தரநிலைகளில் சரக்கிருப்புக்கான எஃப்.ஆர்.எஸ். 2-இன்படி, தொழிற்கூட வாடகை போன்ற நிலையான உற்பத்தி மேற்செலவுகளையும் சரக்கிருப்பின் மதிப்பில் சேர்க்க வேண்டும். அதுவும் ஆலையின் வழக்கமான உற்பத்தித் திறனை வைத்துப் பங்கிட வேண்டும். உற்பத்தி குறைந்த ஆண்டில் பாக்கெட்டின் தலையில் கூடுதலாக ஏற்ற முடியாது. மீதி அந்த ஆண்டின் செலவாகிவிடும்.

ஆகவே இரண்டு தாள்கள் தேவை. ஒன்று வெளிக்கணக்குக்கு, அதில் வாடகை பாக்கெட் வரை இறங்கும். இன்னொன்று ஆலைக்குள் முடிவெடுப்பதற்கு, அதில் வாடகை கடைசி வரியில் ஒரே தொகையாக நிற்கும். முதல் தாளில் உள்ள அடக்கவிலையை எடுத்துக்கொண்டு ஆர்டர் பேசப் போகக் கூடாது.

ஆலைச் செலவு என்றைக்கும் மாறாது என்றும் நினைக்க வேண்டாம். குத்தகை முடியும் ஆண்டில் பாதி இடம் போதுமா என்று கேட்க முடியும். அப்போது வத்தக்குழம்புப் பொடியின் சரக்குக்கு எத்தனை தட்டுகள், அதை எடுத்தால் சிறிய கூடத்துக்கு மாற முடியுமா என்பதும் கணக்கில் வரும். அடுத்த மாத ஆர்டருக்கான முடிவில் வாடகைக்கு இடமில்லை. குத்தகையைப் புதுப்பிக்கும் முடிவில் முழுவதும் இடமுண்டு.

## அடுக்கில் சேராத ஒரு செலவு

இந்த நான்கு நிலைகளும் பொருளைச் சுற்றியே நிற்கின்றன. ஆனால் வேன் ஓட்டும் செலவு எந்தப் பொடியாலும் வருவதில்லை, வாடிக்கையாளரால் வருகிறது. ஒரு பேரங்காடியின் மையக் கிடங்குக்கு ஒரே தடவையில் 2,000 பாக்கெட் இறக்குவதும், சின்னச் சின்னக் கடைகளுக்குப் பத்துப் பத்தாகக் கொடுப்பதும் ஒன்றாகாது. இதைப் பொடிகளுக்குப் பங்கிட்டால் மறுபடி பழைய பிழைதான். வாடிக்கையாளருக்கென்று தனி அடுக்கு போட வேண்டும்: ஒரு பாக்கெட்டுக்கு ஆவது, ஒரு முறை இறக்குவதற்கு ஆவது, அந்த வாடிக்கையாளரை வைத்திருப்பதற்கு ஆவது என்று. பேரங்காடியின் பட்டியல் கட்டணத்தைப் பொருள் நிலையில் சேர்த்தோம். அதையே இந்த அடுக்கிலும் எழுதினால் இரண்டு முறை கழித்ததாகிவிடும். ஒரு பொடியை ஒரே பேரங்காடிதான் வாங்குகிறது என்றால் எங்கே எழுதினாலும் ஒன்றுதான். பல பேரங்காடிகள் வாங்கினால், எந்தப் பேரங்காடிக்கு எந்தப் பொடிக்காகக் கட்டியது என்று ஒவ்வொரு ரசீதிலும் குறித்து வைத்தால்தான் இரண்டு அடுக்கும் ஒன்றோடொன்று மோதாமல் நிற்கும்.